புது கேம் வாங்கினால் வீட்டு இணையம் தாங்குமா? டேட்டா வரம்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் கணினி பொருத்தித் தரும் சிறிய கடை ஒன்றை நடத்துகிறேன். கிராபிக்ஸ் கார்டுக்குப் பணம் கட்டிய பிறகு, "கேம் இறக்க எங்க வீட்டு நெட் போதுமா?" என்ற சந்தேகத்துடன் நிற்பவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். அவர்கள் கேட்டவற்றைக் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான பதில்கள் கணினியில் ஸ்டீம் வழியாக வாங்குபவர்களையும் நம் ஊரில் கிடைக்கும் வீட்டு இணைப்புகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

"அண்ணா, பெரிய கேம் ஒண்ணு வாங்கினா ஒரே நாள்ல மாச டேட்டா மொத்தமும் தீர்ந்துடுமா?"

உங்கள் வீட்டுக்கு இணையம் எப்படி வருகிறது என்பதைப் பொறுத்தது அது. கம்பி வழியே வரும் ஃபைபர் இணைப்புகளில் மாத வரம்பு பொதுவாக 3,300 ஜிபி. இன்றைய பெரிய கேம்களில் ஒன்றான பால்டர்ஸ் கேட் 3 கேட்கும் 150 ஜிபி, அதில் இருபதில் ஒரு பங்கைக்கூட எட்டாது. இந்த இணைப்பு உள்ளவர்கள் வரம்பை நினைத்துக் கேம் வாங்கத் தயங்கவே வேண்டாம்.

மாடியில் பெட்டி பொருத்தி, கம்பியில்லாமல் தரும் 5ஜி வீட்டு இணைப்புகளில் வரம்பு பெரும்பாலும் 1,000 ஜிபி. அங்கே அதே கேம் மாதக் கணக்கில் ஏழில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். வாங்கலாம், ஆனால் கணக்குப் பார்த்து வாங்க வேண்டும். மூன்றாவது வகை, நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் ஃபோன் ரீசார்ஜிலிருந்து ஹாட்ஸ்பாட் எடுப்பது. அதில் 150 ஜிபியை இறக்க 75 நாள் ஆகும் என்பதால், அந்த இணைப்பு பெரிய கேம்களுக்குப் பொருந்தாது என்றே சொல்வேன். இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி நடுவில் இருக்கும் 1,000 ஜிபி வீடுகளுக்கானது. கடையில் கேட்பவர்களும் பெரும்பாலும் அவர்களே.

"அன்லிமிடெட்னு சொல்லித்தானே கனெக்‌ஷன் குடுத்தாங்க? அப்புறம் வரம்பு எங்கிருந்து வந்துச்சு?"

வரம்பைத் தாண்டினாலும் இணைப்பைத் துண்டிக்க மாட்டார்கள், கூடுதல் பணமும் கேட்க மாட்டார்கள் என்பதே அந்தச் சொல்லுக்கு அவர்கள் தரும் பொருள். ஆனால் வேகம் குறைந்துவிடும். திட்டத்தின் விதிமுறைகளில் எஃப்யூபி என்ற தலைப்பின் கீழ் இது எழுதப்பட்டிருக்கும். அங்கே வரம்பு எத்தனை ஜிபி என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள்; வரம்புக்குப் பிறகு வேகம் எவ்வளவு என்பதைப் பெரும்பாலானோர் பார்ப்பதில்லை. இரண்டாவதுதான் முக்கியமானது.

ஒரு திட்டம் வரம்புக்குப் பின் 2 எம்பிபிஎஸ் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு ஏறத்தாழ 0.9 ஜிபி இறங்கும். 20 ஜிபி புதுப்பிப்பு ஒன்று ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். இன்னொரு திட்டம் 64 கேபிபிஎஸ் மட்டுமே தருகிறது என்றால் ஒரு முழு நாளுக்கு 0.7 ஜிபிதான் இறங்கும். அதே 20 ஜிபிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். வரம்பு ஒன்றாகவே இருந்தாலும் இந்த இரண்டு வீடுகளின் நிலைமை முற்றிலும் வேறு. கூடவே, கணக்கு எந்தத் தேதியில் புதிதாகத் தொடங்குகிறது என்பதையும் குறித்து வையுங்கள். பலருக்கு அது மாதத்தின் முதல் நாளாக இருக்காது. ரீசார்ஜ் செய்த தேதியாக இருக்கும்.

"100 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கேன். ஸ்டீம்ல 12க்கு மேல ஏறவே மாட்டேங்குது. ஏமாத்துறாங்களா?"

இல்லை. இணைப்பு நிறுவனம் வேகத்தைப் பிட் கணக்கில் சொல்கிறது. ஸ்டீம் அதைப் பைட் கணக்கில் காட்டுகிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 100ஐ எட்டால் வகுத்து வரும் 12.5தான் நீங்கள் பார்க்கக்கூடிய உச்சம். ஸ்டீமின் `Settings` பகுதியில் `Downloads` என்பதற்குள் சென்று, `Display download rates in bits per second` என்பதை இயக்கிவிட்டால் இரண்டு எண்களும் ஒரே அளவுகோலுக்கு வந்துவிடும்.

இந்த வேகத்தில் மணிக்கு 45 ஜிபி இறங்கும். வேகம் கூடினால் வரம்பு சீக்கிரம் தீரும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். கேமின் அளவு மாறாது. அது எவ்வளவு நேரத்தில் வந்து சேர்கிறது என்பது மட்டுமே மாறும்.

"கேம் பக்கத்துல 150 ஜிபின்னு போட்டிருக்கே, அவ்வளவும் டவுன்லோடு ஆகுமா?"

அங்கே `Storage: 150 GB available space` என்று இருப்பது, கேம் விரிந்து அமர்ந்த பிறகு கணினியில் வேண்டிய இடம். இணையம் வழியே வருவது சுருக்கப்பட்ட வடிவம் என்பதால் பதிவிறக்கம் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே இருக்கும். எவ்வளவு குறையும் என்பது கேமுக்குக் கேம் மாறும்: ஏற்கெனவே சுருக்கி வைத்த கோப்புகளை உடைய கேமில் வேறுபாடு சொற்பமாக இருக்கும், அப்படிச் செய்யாத கேமில் பாதியாகக்கூடக் குறையலாம்.

வாங்குவதற்கு முன்பே சரியான எண்ணை அறிய வேண்டுமானால், ஸ்டீம்டிபி தளத்தில் அந்தக் கேமைத் தேடி `Depots` என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு அளவுகள் அருகருகே இருக்கும்: ஒன்று கணினியில் எடுக்கும் இடம், மற்றொன்று இறக்க வேண்டிய அளவு. மற்ற மொழிக் குரல்கள், மேக், லினக்ஸ் பதிப்புகள் எல்லாம் அதே பட்டியலில் வரும் என்பதால், உங்களுக்கு வேண்டியவற்றை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள்.

"ஒரு கேம் எதுக்கு இவ்வளவு பெருசா இருக்கணும்? வேணும்னே பண்றாங்களா?"

பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது சுவர், துணி, தோல் போன்ற பரப்புகளின் மேல் போர்த்தப்படும் படங்களும், ஒலிப்பதிவுகளும், காட்சிப் படங்களும்தான். 4கே திரையில் அருகே சென்று பார்த்தாலும் மங்காத படம் வேண்டும் என்றால் அதன் அளவு பல மடங்காகிவிடும்.

ஆனாலும் உங்கள் சந்தேகம் முழுக்கத் தவறும் இல்லை. ஹெல்டைவர்ஸ் 2 கணினிப் பதிப்பு ஏறத்தாழ 154 ஜிபி இருந்தது. 2025 டிசம்பரில் அதை உருவாக்கியவர்கள் 23 ஜிபி அளவுக்குச் சுருக்கிக் காட்டினார்கள். உள்ளடக்கத்தில் எதையும் வெட்டவில்லை. பழைய சுழல் ஹார்ட் டிஸ்க்கில் முள் அங்கும் இங்கும் ஓடி நேரம் வீணாகாமல் இருக்க, ஒரே கோப்பைப் பல இடங்களில் படியெடுத்து வைப்பது நெடுநாள் வழக்கம். அந்தப் படிகளை நீக்கியதால்தான் இவ்வளவு குறைந்தது. எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களும் இத்தனை நாள் அந்தச் சுமையை இறக்கிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்த செய்தி. வரம்புள்ள இணைப்பில் இருப்பவருக்கு அது 130 ஜிபி இழப்பு அல்லவா?

"ஒரு தடவை இறக்கிட்டா வேலை முடிஞ்சதுதானே?"

கதையைத் தனியாக ஆடி முடிக்கும் கேம்களில் ஏறக்குறைய அப்படித்தான். வெளிவந்து ஓராண்டு ஆன பிறகு வாங்கினால் புதுப்பிப்புகளும் அடங்கியிருக்கும். பலர் சேர்ந்து ஆடும் கேம்களில் அப்படி இல்லை. அவை ஓரிரு மாதத்துக்கு ஒருமுறை புதிய பருவம் என்று வரும்போது பத்து, இருபது, சில நேரம் அறுபது ஜிபி வரை கேட்கும். அதை இறக்காமல் ஆடவும் முடியாது. ஆகையால் வரம்பை உண்மையில் தின்பது வாங்கிய நாள் பதிவிறக்கம் அன்று, அதன் பின் மாதந்தோறும் வரும் புதுப்பிப்புகள்தான் என்பது என் அனுபவம்.

என் அக்கா வீட்டில் 1,000 ஜிபி இணைப்பு. ஒரு மாதம் 26ஆம் தேதி 940 ஜிபி ஆகியிருந்தது. பையன் கணினியை அணைக்காமல் டியூஷனுக்குப் போய்விட்டான். அன்று மாலை 62 ஜிபி புதுப்பிப்பு ஒன்று தானாகவே இறங்கி முடிந்தது. மறுநாள் காலை ஒன்பதரைக்கு மாமாவின் அலுவலகக் கூட்டம் திறக்கவே இல்லை. வாட்ஸாப்பில் எழுத்துச் செய்தி போனது, படம் போகவில்லை. சரிபார்க்க வந்தவர் ரூட்டரின் கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டு, மாடிப் பெட்டி திரும்பியிருக்கலாம் என்றார். பிறகுதான் அக்கா நிறுவனத்தின் செயலியைத் திறந்து, பயன்பாடு முழுமையாகிவிட்டதைக் கண்டாள். எழுத்து போகிறது, படம் போகவில்லை, எல்லாச் சாதனங்களிலும் ஒரே நேரத்தில் அப்படி என்றால், முதலில் பார்க்க வேண்டியது வரம்பைத்தான்.

இதைத் தடுக்க ஸ்டீமின் அதே `Downloads` பகுதியில், தானாகப் புதுப்பிப்பதை நிறுத்தி, கேமைத் திறக்கும் வரை காத்திருக்கச் சொல்லும் தேர்வை வையுங்கள். அக்கா வீட்டில் இப்போது அப்படித்தான் இருக்கிறது.

"சின்ன மாற்றம்னு தானே எழுதியிருக்காங்க, அதுக்கு ஏன் 15 ஜிபி இறங்குது?"

ஸ்டீம் ஒவ்வொரு கோப்பையும் ஏறத்தாழ ஒரு எம்பி அளவுள்ள துண்டுகளாகப் பிரித்து வைத்து, மாறிய துண்டுகளை மட்டுமே அனுப்புகிறது. ஆனால் பல கேம்கள் ஆயிரக்கணக்கான பொருள்களை ஒரே பெரிய மூட்டையாகக் கட்டி, அதன் மேல் சுருக்கவும் செய்கின்றன. அந்த மூட்டையை மறுபடி கட்டும்போது உள்ளே பொருள்களின் வரிசை மாறிவிட்டால், மாறாதவையும் மாறியவையாகவே தெரியும். மாற்றம் சிறிதாக இருந்தும் இறக்கம் பெரிதாவதற்குக் காரணம் இதுதான். கேமை உருவாக்குபவர்கள் கவனம் எடுத்தால் பெரும்பாலும் தவிர்க்கக்கூடியது; நம் பக்கத்தில் செய்வதற்கு எதுவும் இல்லை.

"எங்க வீட்ல நாலு பேர். 1,000 ஜிபி. மாசம் ஒரு பெரிய கேம் வாங்கலாமா, கணக்கு போட்டுச் சொல்லுங்க."

கடைக்கு வந்த ஒரு குடும்பத்துக்குத் தாளில் போட்டுத் தந்த கணக்கையே இங்கே தருகிறேன். டிவியில் நாளுக்கு மூன்று மணி நேரம் எச்டி படம், மணிக்கு 3 ஜிபி: மாதம் 270. நான்கு ஃபோன்களும் சேர்ந்து நாளுக்கு 5 ஜிபி: 150. அலுவலக வீடியோ கூட்டங்கள் வேலை நாள்களில் நான்கு மணி நேரம்: சுமார் 90. விண்டோஸ், ஃபோன் புதுப்பிப்புகள், மேகத்தில் ஏறும் புகைப்படங்கள்: 40. மொத்தம் 550. மீதம் 450இல், மாதக் கடைசிக்கு என்று 100ஐத் தொடாமல் வைக்கச் சொன்னேன். ஏற்கெனவே ஆடும் கேம்களின் புதுப்பிப்புக்கு 80 ஒதுக்கினால், புதிதாக வாங்க 270 இருக்கிறது. மாதம் ஒரு 150 ஜிபி கேம் தாராளமாக அடங்கும். அப்படி இரண்டு அடங்காது.

இதே வீட்டில் டிவி 4கே படம் இழுக்கிறது என்றால் மணிக்கு 7 ஜிபி ஆகும். டிவி மட்டுமே 630 ஜிபி எடுத்துக்கொள்ள, வீட்டின் மொத்தம் 910க்குப் போய்விடும். கேமுக்கு இடமே இல்லை. அந்தக் குடும்பத்தில் நடந்ததும் இதுதான். பையன் கேம் இறக்குவதால்தான் நெட் தீர்கிறது என்று ஆறு மாதமாக அவனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஓடிடி கணக்கில் படத் தரத்தை எச்டிக்கு மாற்றியதும் பிரச்சினை தீர்ந்தது. கேமை நிறுத்துமாறு பிள்ளையிடம் சொல்வதற்கு முன், நிறுவனத்தின் செயலியில் நாள்வாரிப் பயன்பாட்டைப் பாருங்கள். கேம் இறக்கிய நாள் மட்டும் தனியாக உயர்ந்து நிற்கும். ஒவ்வொரு நாளும் 25, 30 ஜிபி என்று சீராக இருந்தால் காரணம் வேறு. கணினியின் பங்கை மட்டும் அறிய, விண்டோஸ் `Settings` பகுதியில் `Data usage` என்று தேடினால் கடந்த 30 நாளில் ஒவ்வொரு செயலியும் எடுத்த அளவு தெரியும்.

"அப்டேட் ஓடிட்டே இருக்கு, ஆனா நெட் ஸ்பீடு பூஜ்யம்னு காட்டுது. டேட்டா போகுதா, போகலையா?"

போகவில்லை. இறங்கிய துண்டுகளைப் பழைய பெரிய கோப்புகளுக்குள் பொருத்த, ஸ்டீம் அந்தக் கோப்புகளை முழுவதுமாகத் திரும்ப எழுதுகிறது. அப்போது வேலை செய்வது டிஸ்க் மட்டுமே. பதிவிறக்கப் பக்கத்தில் `NETWORK` என்பதும் `DISK USAGE` என்பதும் தனித்தனியாக இருக்கும். முதலாவதைத்தான் வரம்பு எண்ணும். ஹார்ட் டிஸ்க் கணினியில் இந்த வேலை இறக்கத்தைவிட நீளலாம், பொறுமையாக விட்டுவிடுங்கள்.

"ராத்திரி 2 மணிக்கு மேல போட்டா டேட்டா கம்மியா போகும்னு சொல்றாங்களே?"

உங்கள் திட்டத்தில் இரவு நேரப் பயன்பாடு கணக்கில் சேராது என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் மட்டுமே அது உண்மை. இல்லாவிட்டால் எந்த நேரத்திலும் ஒரே கணக்குதான். இரவில் இறக்குவதன் பயன் வேறு: பகலில் வீட்டில் மற்றவர்கள் பார்க்கும் படமும் கூட்டமும் தடைபடாது.

"ஃப்ரெண்டு வீட்ல ஃபைபர் இருக்கு. அங்க இறக்கி ஹார்ட் டிஸ்க்ல எடுத்துட்டு வரலாமா?"

வரலாம், வரம்புள்ள வீட்டுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. கேம் உங்கள் கணக்கில் வாங்கப்பட்டிருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. நண்பரின் கணினியில் ஸ்டீம் இருக்கும் இடத்தில் கீழ்க்காணும் கோப்புறைக்குள் கேமின் பெயரில் ஒரு கோப்புறை இருக்கும்.

```
steamapps\common
```

அதை முழுவதுமாக வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்து, உங்கள் கணினியிலும் அதே இடத்தில் வைத்துவிட்டு, பிறகு ஸ்டீமில் `Install` அழுத்துங்கள். இருக்கும் கோப்புகளை அது சரிபார்த்து, குறையும் பகுதியை மட்டும் இறக்கும். பலர் முதலில் `Install` அழுத்திவிட்டுப் பிறகு நகலெடுக்கிறார்கள். அதற்குள் பத்து, இருபது ஜிபி வீணாக இறங்கியிருக்கும். டிஸ்க் FAT32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. ExFAT அல்லது NTFS வடிவில் இருக்கட்டும். ஒரே வீட்டில் இரண்டு கணினிகள் இருந்தால் இந்த வேலையும் வேண்டாம். 2023 முதல் ஸ்டீம், வீட்டு நெட்வொர்க் வழியாகவே ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குக் கேமை மாற்றித் தருகிறது; `Game File Transfer over Local Network` என்பது அதன் பெயர். அது வரம்பில் சேராது.

"அப்போ பிஎஸ்5 வாங்கி டிஸ்க்ல ஆடினா டேட்டா பிரச்சினையே இருக்காதுல்ல?"

குறையும், நீங்காது. பிஎஸ்5 டிஸ்க் ஒன்றில் 100 ஜிபி வரை கொள்ளும் என்பதால் பல கதை விளையாட்டுகள் முழுமையாகவே அதில் வந்துவிடுகின்றன. முதல் நாள் திருத்தம் மட்டும் இறங்கும். ஆனால் கால் ஆஃப் டியூட்டி வரிசையில் 2022இல் வந்த மாடர்ன் வார்ஃபேர் 2இன் பிஎஸ்5 டிஸ்க்கில் இருந்தது 70 எம்பி சொச்சம்தான்; மற்ற அனைத்தும் இணையம் வழியாகவே வந்தது. உறையின் பின்புறம் பதிவிறக்கம் தேவை என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

"எனக்கு ஃபோன் ஹாட்ஸ்பாட் மட்டும்தான். நான் எதுவுமே வாங்கக் கூடாதா?"

ஸ்டார்டியூ வேலி கேட்பது 500 எம்பி, ஹாலோ நைட் 9 ஜிபி. தரத்தில் எந்தப் பெரிய கேமுக்கும் குறையாதவை. 2 ஜிபியில் ஒன்று ஒரே நாளில், மற்றது ஐந்து நாளில் வந்துவிடும். ஸ்டீம் பதிவிறக்கத்தை நிறுத்தி மறுநாள் தொடரலாம், இறங்கியது வீணாகாது. பெரிய கதை விளையாட்டு வேண்டுமானால் மேலே சொன்ன நண்பர் வீட்டு வழி இருக்கிறது. பருவந்தோறும் புதுப்பிக்கும் கேமுக்கு மட்டும் பணம் கட்ட வேண்டாம் என்பேன். இணையத்தில் ஆடுவதற்கு மணிக்கு 200 எம்பிக்கும் குறைவாகவே போகும். ஆனால் ஒவ்வொரு பருவத்திலும் வாரக்கணக்கில் வெளியே நிற்க வேண்டிவரும்.

"இறக்கவே முடியலைன்னா ஸ்டீம்ல பணத்தைத் திரும்ப வாங்கலாமா?"

வாங்கிய 14 நாளுக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குள் இருந்தால் கேட்கலாம். ஸ்டீம் இறக்கும் நேரம் ஆட்ட நேரத்தில் சேராது. ஆனால் சில கேம்கள் சிறிய நிறுவியை மட்டும் ஸ்டீமில் வைத்து, திறந்த பிறகு தாமே மீதியை இறக்குகின்றன. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020 அப்படித்தான். அந்த நேரம் முழுவதும் கேம் ஓடுவதாகவே ஸ்டீம் எண்ணும், மெதுவான இணைப்பில் இரண்டு மணி நேரம் எளிதில் கடந்துவிடும். 14 நாள் கெடுவும் சிறிதல்ல என்று தோன்றும், ஆனால் ஹாட்ஸ்பாட்டில் அதற்குள் இறங்குவது 28 ஜிபிதான்.

"கிளவுட்ல ஆடினா டவுன்லோடே இல்லையே, அதுதானே டேட்டா மிச்சம்?"

ஆடும் நேரம் குறைவாக இருந்தால் மட்டும். கேம் தொலைவில் உள்ள கணினியில் ஓட, அதன் காட்சி உங்கள் திரைக்குப் படமாக வருகிறது. 1080பி தரத்துக்கு 25 எம்பிபிஎஸ் வேகம் முழுவதும் பயன்பட்டால் மணிக்கு ஏறத்தாழ 11 ஜிபி. அந்தக் கணக்கில் 60 ஜிபி எல்டன் ரிங்கை இறக்குவதற்கு ஆகும் டேட்டா, ஐந்தரை மணி நேர ஆட்டத்திலேயே தீர்ந்துவிடும். அந்தக் கேமையோ நூறு மணி நேரம் ஆடுபவர்கள் ஏராளம். 150 ஜிபி கேம் ஒன்று பிடிக்குமா என்று இரண்டு மாலை ஆடிப் பார்க்க கிளவுட் சிக்கனமானது. பதின்மூன்று மணி நேரத்தைத் தாண்டி ஆடப்போகிறீர்கள் என்றால் இறக்கிவிடுவதே வரம்புக்கு நல்லது.